மூன்றாம் தரம் கூப்பிடாத குரல்

யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே "ஏன்" என்று கேட்டுவிடாதே என்பார்கள். ஒரு தரம் கூப்பிட்டால் சும்மா இரு. இரண்டாம் தரமும் சும்மா இரு. மூன்றாம் தரமும் கூப்பிட்டால் அது மனுஷக் குரல், எழுந்து போ. மற்றதற்கு மூன்றாம் தரம் கூப்பிட வராதாம். நான் திருமுல்லைவாயிலில் கேட்டதும் இதுதான், பூந்தமல்லியில் கேட்டதும் இதுதான், திருநெல்வேலிக்காரர்கள் சொல்லிக் கேட்டதும் இதுதான். ஊருக்கு ஊர் சாம்பாரே மாறுகிற நாட்டில் இது மட்டும் மாறாமல் இருப்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கும்.

நான் கம்ப்யூட்டர் வேலையைக் கல்லூரியில் படித்தவள் இல்லை. அம்பத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது, கெட்டுப்போன பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டது. இப்போது பாடியில் இரண்டு பட்டறைகள், ஆவடியில் ஒரு பள்ளிக்கூடம், திருமுல்லைவாயிலில் டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு டயாலிசிஸ் சென்டர் என்று ஸ்கூட்டரில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எதுவும் ஓடாமல் போனால் என்னைக் கூப்பிடுவார்கள். ஓடுகிற வரைக்கும் என் ஞாபகம் யாருக்கும் வராது. அது நல்லதுதான்.

அந்த டயாலிசிஸ் சென்டரில் நோயாளிகளைப் பேர் சொல்லி அழைக்க ஒரு ஏற்பாடு உண்டு. மெஷின் தயாரானதும் ரிசப்ஷனில் இருக்கிற பெண் திரையில் அந்தப் பேருக்கு நேரே இருக்கும் "அழை" பொத்தானை அழுத்துவாள். ஹாலில் மாட்டியிருக்கும் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் பேரைச் சொல்லி, "அவர்கள், உள்ளே வரவும்" என்று கூப்பிடும். டிவியில் அந்தப் பேர் பச்சையாக மாறும். குரல் யாருடையதும் இல்லை. வெளியே எங்கோ இருக்கிற ஒரு சேவைக்குப் பேரை எழுதி அனுப்பினால் அது குரலாக்கித் திருப்பித் தரும். எந்த ஊர்க்காரி என்று சொல்ல முடியாத தமிழ். மூச்சு வாங்காத தமிழ். இதைச் செய்து கொடுத்த கம்பெனிக்காரர்கள் கடையை மூடிவிட்டுப் போய் நாளாகிறது. அவர்கள் விட்டுப்போனதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரிசப்ஷன் பெண் போன் செய்தாள். அயனம்பாக்கத்துப் பெண், வாய் ஓயாதவள். அன்றைக்குக் குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன். இங்க ஒண்ணும் சரியில்ல."

"மெஷின் ஓடலியா?"

"ஓடுது. அதான் பயமா கீது."

போனேன். ஹாலில் நாற்காலிகள் நிறைய ஆட்கள். வழக்கமாக டயாலிசிஸ் ஹாலில் ஒரு பேச்சுச் சத்தம் இருக்கும். எத்தனை லிட்டர் இறங்கியது, யார் வீட்டில் உப்பு போட்டார்கள் என்று. அன்றைக்கு எல்லோரும் ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலிகளைத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

உள்ளே போனதும் அவள் சொன்னாள். புதன்கிழமை, பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவரின் முறை வந்தது. பொத்தானை அழுத்தினாள். திரையில் சக்கரம் சுற்றியது, சுற்றியது, பிறகு பூப்போட்ட ஒரு பிழைப் பக்கம் வந்தது: "சிரமத்திற்கு வருந்துகிறோம். சிறிது நேரம் கழித்து மீண்டும் முயலவும்." மறுபடி அழுத்தினாள். மறுபடி சுற்றி, மறுபடி பூ. சரியென்று எழுந்துபோய் வாயாலேயே கூப்பிட்டாள். அவரும் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். ஊசி குத்தி, மெஷின் ஓட ஆரம்பித்து, ரத்தம் குழாயில் போய் வந்துகொண்டிருக்கிறது. அப்போது ஹாலில் அந்தக் குரல் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

"உள்ள படுத்துகினு இருக்கிற ஆளைக்கா. 'உள்ளே வரவும்'னு."

"ஒரு தடவையா?"

"ரெண்டு வாட்டி. அடுத்தடுத்து. அவரு அங்கேர்ந்து கேட்டுட்டாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு."

டிவியில் அவர் பேர் இன்னும் பச்சையாகவில்லை என்று மூன்றாவதாக ஒரு தரம் அழுத்தினாளாம். சுற்றவேயில்லை, சட்டென்று பூப்பக்கம் வந்துவிட்டது. குரல் வரவில்லை.

"நான் அமுக்கினது மூணு வாட்டி. கூப்டுச்சு ரெண்டு வாட்டி. மூணாவது எங்கக்கா போச்சு?"

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வையில், அவளும் அந்தப் பழைய சொல்லைக் கேட்டு வளர்ந்தவள்தான் என்று தெரிந்தது.

டயாலிசிஸ் டெக்னீஷியன், ஆவடிப் பையன், கல்யாணமாகி இரண்டு குழந்தை ஆனாலும் எனக்குப் பையன்தான், கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம். ஹால் ஃபுல்லா அரண்டவனுங்கதான் கீறாங்க. அக்கா, நீ ஒரு வேப்பிலை அடிச்சுட்டுப் போ."

"நீ ஏன் ஸ்பீக்கர் கீழ நிக்க மாட்டேங்கிற?" என்று கேட்டாள் ரிசப்ஷன் பெண்.

அவன் கையுறையைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டான். பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னான். அதற்கு முன்பு ஒரு நாள் பூந்தமல்லி அம்மா ஒருவரையும் இப்படித்தான் உள்ளே படுத்திருக்கும்போது கூப்பிட்டது. இரண்டு தரம். அந்த வாரக் கடைசியில் அந்த அம்மா வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருக்கு இதயம் ஏற்கெனவே பலவீனம். டயாலிசிஸ் ஹாலில் சாவு புதிதில்லை. ஆனால் ஹால் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. பெரியவர் புதன்கிழமை வீட்டுக்குப் போனவர், வெள்ளிக்கிழமை வரவில்லை. இனி வர மாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"திங்கக்கெழமையும் வரலன்னா?"

"வெள்ளி போச்சு. ஞாயிறு இங்க லீவு. திங்களும் போச்சுன்னா நுரையீரல்ல தண்ணி ஏறிடும்க்கா. அப்புறம் இங்க வந்து பிரயோஜனம் இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிகினு ஓடணும். போய்ச் சேருவாரான்னு தெர்ல."

நான் மூலையில் இருக்கிற பெட்டியின் முன்னால் உட்கார்ந்தேன்.

கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் வாசலில் நிற்பவன். ரிவர்ஸ் பிராக்ஸி என்பார்கள். ரிசப்ஷன் திரையிலிருந்து வருகிற எதுவும் முதலில் அவனிடம்தான் வரும். அவனுக்கு வேலை எதுவும் தெரியாது. வாங்கி உள்ளே கொடுத்து, உள்ளே கொடுப்பதை வாங்கி வெளியே தருவான். இன்னொருவன் உள்ளே வேலை செய்கிற செயலி. பேரை வாங்கி, குரலுக்கு அனுப்பி, ஸ்பீக்கரில் போட்டு, டிவியை மாற்றி, "ஆயிற்று" என்று வாசலுக்குச் சொல்லுவான்.

வாசலில் நிற்பவன் கையை விரிக்கிற விதத்தில் இரண்டு இங்கே முக்கியம். ஒன்று 502, பேட் கேட்வே. போனேன், உள்ளே கதவைத் திறக்க ஆளில்லை, அல்லது ஆள் ஏதோ உளறினான், சரியான பதில் இல்லை என்று அர்த்தம். மற்றது 504, கேட்வே டைம்அவுட். போனேன், ஆள் இருந்தான், சேதியைக் கையில் வாங்கிக்கொண்டான், நான் ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன், பதிலைக் காணோம், திரும்பிவிட்டேன் என்று அர்த்தம்.

எனக்கு எப்போதும் கொஞ்சம் அச்சம் தருவது இந்த இரண்டாவதுதான். ஏனென்றால் திரும்பியவன் வாசற்காரன் மட்டும். உள்ளே இருப்பவன் தன்னை யாரும் விட்டுவிட்டுப் போனதை அறியாமல் வேலையைச் செய்துகொண்டே இருக்கலாம். வெளியே "நடக்கவில்லை" என்று சொல்லியாயிற்று. உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பழைய கம்பெனிக்காரர்கள் நல்லெண்ணத்தில் ஒரு காரியம் செய்திருந்தார்கள். எண்ணைப் பார்த்தால் ஆட்கள் பயப்படுவார்கள் என்று இரண்டு பிழைக்கும் ஒரே பூப்பக்கத்தை மாட்டிவிட்டார்கள். மரியாதையான பக்கம். அந்த மரியாதையில்தான் எல்லாம் மறைந்து போயிருந்தது. ஆளில்லாத வீட்டுக்கும், ஆள் உள்ளே இருந்து பேசாத வீட்டுக்கும் ஒரே பூட்டு.

வாசற்காரன் எழுதி வைக்கிற பதிவைத் திறந்தேன். புதன்கிழமை, பெரியவரின் நோயாளி எண். முதல் அழுத்தல் 504. இரண்டாம் அழுத்தல் 504. இரண்டுமே ஒரு நிமிஷம் முழுக்கக் காத்திருந்து கைவிட்டவை. அந்த நேரத்தில் இன்டர்நெட் இணைப்பு செத்துப்போயிருந்தது. எங்கோ தெருமுனையில் வயர் அறுந்து, கேபிள்காரர் பிறகு வந்து ஒட்டியிருக்கிறார். குரல் சேவையை எட்ட முடியாமல் செயலி உள்ளே நின்று விடாமல் முயன்றுகொண்டே இருந்திருக்கிறது. இணைப்பு திரும்பியதும் இரண்டு குரலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஹாலில் பேசியிருக்கின்றன. பேசி முடித்த கையோடு நினைவகம் போதாமல் செயலி விழுந்திருக்கிறது. டிவியைப் பச்சையாக்கக்கூட நேரமில்லை. அது தானாக எழுந்து வருவதற்குள் அவள் மூன்றாம் தரம் அழுத்தியிருக்கிறாள். 502.

502 என்றதும் சேதி உள்ளே போகவில்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. சேதியைக் கையில் வாங்கிக்கொண்டு பாதியில் மயங்கி விழுந்தாலும் வாசற்காரன் 502 என்றுதான் சொல்லுவான். அதனால் பிழைப் பதிவையும் பார்த்தேன். இணைப்பே மறுக்கப்பட்டது என்று இருந்தது. கதவு தட்டியதோடு சரி. மூன்றாவது அழைப்பு யார் கைக்கும் போகவில்லை.

ஆக, அது எங்கே போயிற்று என்றால், எங்கேயும் போகவில்லை. வாசலிலேயே இல்லாமல் போனது.

இன்னும் கொஞ்சம் மேலே உருட்டினேன். பூந்தமல்லி அம்மாவின் எண். 504, 504. அதோடு நின்றுவிட்டது. ரிசப்ஷன் பெண்ணுக்கு அன்று மூன்றாம் தரம் அழுத்தத் தோன்றவில்லை போலிருக்கிறது. அந்த எண்ணை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனுஷி போய்விட்டாள், அவளை அழைத்த இரண்டு வரிகள் அப்படியே நிற்கின்றன.

"டைம ஏத்தி வுடேன்க்கா அந்த வாசக்காரனுக்கு. அஞ்சு நிமிஷம் நிக்கட்டும்," என்றான் டெக்னீஷியன், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு.

"நின்னா? அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பூ வரும். உள்ள இருக்கிறவன் ஆறாவது நிமிஷம் கூப்பிடுவான். வாசக்காரன் கால் வலிக்குமே தவிர வேற ஒண்ணும் ஆகாது."

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் இப்படித்தான் நடந்தது என்று கண்ணால் பார்க்காமல் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போய்ப் பேச எனக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு விடுமுறை. சாவியை வாங்கிக்கொண்டு காலையிலேயே போனேன்.

வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம். படுக்கைகள் வரிசையாக, விரிப்பு இல்லாமல். ஆள் இல்லாத டயாலிசிஸ் அறையைப் பகலில் பார்ப்பது இரவில் பார்ப்பதை விட மோசம். எல்லாம் தெளிவாகத் தெரியும்.

சோதிக்க ஒரு பேர் வேண்டும். நோயாளி யார் பேரையும் போட மனம் வரவில்லை. என் பேரைப் போட்டேன்.

முதலில் செயலியை நிறுத்திவிட்டு அழுத்தினேன். சட்டென்று பூப்பக்கம். 502. பிறகு செயலியை ஓடவிட்டு, வெளி இணைப்பு வயரை மட்டும் பிடுங்கிவிட்டு அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. ஒரு நிமிஷம் என்பது இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பூப்பக்கம். 504. அதே பூ, அதே வருத்தம். வயரைத் திருப்பிச் சொருகினேன். சொருகிவிட்டு, ஃப்ளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஹாலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது.

வரும் என்று தெரியும். வரவழைத்ததே நான்தான். ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. "அவர்கள், உள்ளே வரவும்." என் அம்மா என் பேரை அப்படிச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஊரில் ஒருத்தரும் என்னை "அவர்கள்" என்றதில்லை. ஆள் இல்லாத ஹாலிலிருந்து ஆள் இல்லாத அறைக்குள் என்னை வரச் சொல்கிறது. நான் ஏற்கெனவே உள்ளேதான் இருந்தேன். நாக்கு நுனியில் "ஏன்" வந்து நின்றது. கேட்கவில்லை. டீ ஆறிப்போகும்வரை கேட்கவில்லை.

அன்றைக்கே ஒரு வேலை மட்டும் முடித்தேன். பூப்பக்கத்தை எடுத்துவிட்டு இரண்டு பக்கம் எழுதினேன். 502க்கு: "உள்ளே ஆள் இல்லை. நேரில் போய்க் கூப்பிடுங்கள்." 504க்கு: "சேதி உள்ளே போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. மறுபடி அழுத்தாதீர்கள்." செயலியின் குணத்தை மாற்ற இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் திங்கள் வந்துவிடும்.

திங்கள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், குவார்ட்டர்ஸில் இருந்தபோது சீட்டுக் கட்டி வாங்கின மனையில் கட்டின வீடு. அவர் மனைவிதான் கதவைத் திறந்தார்.

"வாம்மா. இவுகளுக்கு நீயாவது சொல்லு. டாக்டரு போன்ல சத்தம் போடுதாக. இவுக அசைய மாட்டேங்காக."

பெரியவர் கட்டிலில் நான்கு தலையணையை அடுக்கி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. கால் இரண்டும் வீங்கி, பெருவிரல் பதிந்த இடம் பதிந்தபடியே இருந்தது. பேச்சுக்கு நடுவே மூச்சு பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்தப் பொட்டிக்கு நீதான் வைத்தியமாமே?"

"ஆமாப்பா."

"அப்ப சொல்லு. என்னைய கூப்பிட்டது யாரு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாசற்காரன், உள்ளே இருப்பவன், அறுந்த வயர். தொழிற்சாலைக் கதவில் காலமெல்லாம் போய் வந்தவர் அவர். கேட் பாஸ் இல்லாமல் உள்ளே போக முடியாத இடம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சரி. ரெண்டு தரம் கூப்பிட்டது அந்தப் புள்ள அமுக்குனதாலதான். ஒத்துக்கிடுதேன். மூணாவதும் அமுக்குனாளாமே?"

"அமுக்கினா. அப்போ உள்ள இருக்கிறது விழுந்து கெடந்துச்சு. சேதி வாசலோட போயிடுச்சு."

"அதத்தான் நானும் சொல்லுதேன். ரெண்டு தரம் கூப்பிட்டுச்சு. மூணாவது தரம் அதால கூப்பிட முடியல. நீ அதுக்கு ஒரு நம்பரு சொல்லுத. எங்க ஆத்தா வேற ஒண்ணு சொல்லுவா. முடியலங்கது முடியலதானே?"

ஒரு வகையில் அவர் சொன்னது சரி.

"அந்தப் பூந்தமல்லிக்காரிக்கும் ரெண்டு தரந்தானே?"

"ஆமா. அவங்களுக்கு மூணாவது அமுக்கவே இல்ல."

"பொய் சொல்லாம சொன்னே பாரு, அதுக்கு ஒரு காப்பி குடி," என்றார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

அப்போது நான் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னேன். என் பேரைப் போட்டது, அது கூப்பிட்டது, நான் டீயோடு உட்கார்ந்தே இருந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "நீ ஏன்னு கேக்கலியா?"

"கேக்கல."

"எல்லாம் தெரிஞ்சவ. வயரைப் புடுங்குனதே நீ. ஏன் கேக்கல?"

"பயந்துட்டேன்ப்பா."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. அடங்கியதும், "அப்ப ஒண்ணு செய்யி," என்றார். "மூணாவது தரம் கூப்பிடச் சொல்லு. நீ கூப்பிடப்படாது, டாக்டரு கூப்பிடப்படாது. ரெண்டு தரம் கூப்பிட்ட வாயிதான் மூணாவதும் கூப்பிடணும். எங்காதால கேட்டா மனுசக் கூப்பாடுன்னு எந்திரிச்சு உள்ள போறேன். கேக்கலன்னா வீட்டுக்குக் கூட்டியாந்துரு."

ஆட்டோவில் நடுவில் அவரை உட்கார வைத்து இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொண்டோம். மாடிப்படியில் டெக்னீஷியன் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனான். "இன்னா நைனா, மாப்ள அழைப்பு மாதிரி ஆய்ப்போச்சு," என்றான்.

ஹாலில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. நாற்காலிகள் ஸ்பீக்கரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. பெரியவர் நடுவில் உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். ரிசப்ஷன் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அழுத்தினாள்.

சக்கரம் சுற்றியது.

காலையில் நான்தான் இணைப்பைப் பார்த்துச் சரியாக இருக்கிறது என்று உறுதி செய்திருந்தேன். இப்போது சுற்றிக்கொண்டே இருந்தது. ஹாலில் ஒரு இருமல்கூட இல்லை. பெரியவரின் மூச்சு மட்டும், ஈரத்துணியை இழுப்பது போல.

பக்கம் வந்தது. புதுப் பக்கம். "சேதி உள்ளே போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. மறுபடி அழுத்தாதீர்கள்."

"அக்கா," என்றாள் அவள், உதடு அசையாமல். "அமுக்கட்டா?"

"அமுக்காத."

"வரலன்னா?"

"அமுக்கினா நாலாவதும் வரும். கைய எடு."

டெக்னீஷியன் குனிந்து என் காதில், "அக்கா, அவரு உதட்டைப் பாரு, நீலம் ஓடுது. நான் தூக்கிகினு போறேன்," என்றான்.

"வேணாம்னு சொல்ற ஆளுக்கு எப்படிடா ஊசி குத்துவே?"

செயலி நடுவில் விழுந்தால் அது எடுத்துக்கொண்டு போன சேதியும் போய்விடும் என்று எனக்குத் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. 504 என்பது வாக்குறுதி இல்லை. உள்ளே வாங்கிக்கொண்ட கை ஒன்று இருந்தது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. அந்தக் கை இன்னும் இருக்கிறதா என்று வாசலில் நிற்பவனுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. பெட்டியிடம் போய்ப் பதிவைத் திறந்து பார்த்திருக்கலாம். காலை எடுத்து வைக்கவில்லை. யாரும் அசையாத அந்த இடத்தில் நான் மட்டும் அசைந்தால் ஏதோ கலைந்துவிடும் என்று தோன்றியது. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

பெரியவர் கண்ணை மூடிவிட்டார். அவர் மனைவி அவர் தோளைத் தொட்டார்.

அப்போது கூப்பிட்டது.

பேரைச் சொல்லி, "அவர்கள், உள்ளே வரவும்." ஒரே ஒரு தரம். அதே குரல், அதே மூச்சில்லாத தமிழ். டிவியில் பேர் பச்சையாயிற்று.

பெரியவர் கண்ணைத் திறந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். "ஏன்?" என்று கேட்டார், வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்குக் குரல் கொடுப்பது போல, சத்தமாக. பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துத் தானே எழுந்தார். "இந்தா வாரேன்."

டெக்னீஷியன் ஓடிப்போய்ப் படுக்கையின் தலைப்பக்கத்தைத் தூக்கி வைத்தான். மெஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், தலையணையை ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார் அவர். சாயங்காலம் ஒரே தலையணையில் படுத்திருந்தார்.

அந்த வாரத்தில் செயலியை மாற்றினேன். இப்போது அது சேதியை வாங்கியதும் வாங்கிக்கொண்டேன் என்று உடனே சொல்லிவிடும். குரல் வேலையைப் பிறகு தனியாகச் செய்யும். குரல் சீக்கிரம் கிடைக்காவிட்டால் அந்த அழைப்பைத் தூக்கிப் போட்டுவிடும். ஒருவர் பேரைத் திரும்பத் திரும்ப அழுத்தினாலும் ஒரு தரம்தான் கூப்பிடும். உள்ளே போனவரைக் கூப்பிடவே கூப்பிடாது. சுத்தமான வேலை. எனக்கே பெருமையாக இருந்தது.

ரிசப்ஷன் பெண் இரண்டு நாளில் போன் செய்தாள். "அக்கா, யாரும் எந்திரிக்க மாட்டேங்கறாங்க. ஒரு வாட்டிதான் கூப்டுதுன்னு அப்படியே குந்திகினு கீறாங்க. மூணு வாட்டி கூப்புட வை."

இத்தனை பாடுபட்டு ஒன்றாக்கினதை மூன்றாக்கிக் கொடுத்தேன். ஒரே அழுத்தல், மூன்று தரம் கூப்பிடும். முதல் இரண்டுக்கும் ஹால் அசையாது. மூன்றாவதற்குச் செருப்புச் சத்தம் கேட்கும்.

அதைப் போட்டுவிட்டுக் கிளம்பிய அன்றைக்குப் பெரியவர் படுக்கையில் இருந்தார். "எம்மா, இங்க வா. உன்னைய ஒரு தரந்தானே கூப்பிட்டுச்சு, அன்னைக்கு?"

"ஆமாப்பா."

"அத அப்படியே விட்டுட்டியா?"

"அது சோதனைப்பா."

"சோதனதான்," என்றார். ரிசப்ஷன் பக்கம் பார்த்து ஏதோ சைகை காட்டியதை நான் கவனிக்கவில்லை.

மாடிப்படியில் பாதி இறங்கியிருப்பேன். மேலே ஹாலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. திரையில் நான் அழிக்காமல் விட்ட என் பேரை அந்தப் பெண்தான் அழுத்தியிருக்கிறாள், தெரியும். நின்றேன். மறுபடி கூப்பிட்டது. கீழே டயர் கடைக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பிறகு ஒன்றும் இல்லை. வயர் மறுபடி அறுந்ததோ, செயலி விழுந்ததோ. என் கணக்கில் மூன்று குரலுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளிதான் விட்டிருந்தேன். அது எப்போதோ தாண்டிவிட்டது. மேலே போய்ப் பதிவைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். வயரா, செயலியா, ஒரு பார்வை போதும்.

போகவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.